இன்றைய பேச்சாளர் அறிமுகம்

நூலக வாசகர் வட்ட நண்பர்களுக்கும், பெற்றோருடன் வந்திருக்கும் மாணவர்களுக்கும் மாலை வணக்கம். நம் பேச்சாளரின் பெயரும் பட்டங்களும் அழைப்பிதழில் அச்சாகியிருப்பதால், நான் அவற்றை மீண்டும் வாசிக்கவில்லை. இவரது ஆய்வேட்டின் தலைப்பு, ‘ஈர்ப்பலை உணரிகளில் அதிர்வெண் சார்ந்த இறுக்கப்பட்ட வெற்றிட நிலைகளால் குவாண்டம் இரைச்சலைக் குறைத்தல்’ என்பது. அதை ஒரே வாக்கியத்தில் இப்படிச் சொல்லலாம்:

கருந்துளைகள் மோதும்போது எழுந்து பூமிவரை வந்து சேரும் மிக மெல்லிய அதிர்வை, அதை அளக்க நாம் பயன்படுத்தும் ஒளியின் சொந்த நடுக்கம் மறைத்துவிடாதபடி, அந்த நடுக்கத்தைக் குறைத்துத் தருவதுதான் இவருடைய ஆராய்ச்சி.

அந்த அதிர்வு எவ்வளவு மெல்லியது என்பதை மட்டும் சற்று விளக்க விரும்புகிறேன். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவிலுள்ள இரண்டு லைகோ ஆய்வகங்கள் முதன்முதலாக ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றானதால் எழுந்த அந்த அலை, 4 கிலோமீட்டர் நீளமுள்ள லேசர் பாதையில் உண்டாக்கிய மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கைவிடவும் குறைவானது. ஒளியோ துகள் துகளாக, சீரற்ற இடைவெளிகளில் வந்து விழுவது. எனவே அதைக்கொண்டு இத்தகைய மாற்றத்தை அளப்பது, நடுங்கும் கையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுடியின் தடிமனைப் பார்க்க முயல்வதற்கு ஒப்பாகும்.

இந்த நடுக்கத்தை முற்றிலும் நீக்க இயற்கை இடம் தராது. ஆனால் அளவீட்டைக் கெடுக்கும் பக்கத்தில் அதைக் குறைத்து, கெடுக்காத பக்கத்தில் கூடவிடலாம். எந்த அதிர்வெண்ணில் எந்தப் பக்கம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். இதற்காகவே லைகோவில் 300 மீட்டர் நீளத்தில் தனி ஒளி வடிகட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நுட்பமான வேலையின் பயன், முன்பு இரைச்சலில் மறைந்துபோன தொலைதூர மோதல்களும் இன்று பதிவாகின்றன என்பதே. என் மதிப்பில், கருந்துளைகளைப் பற்றிய செய்திகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பகுதியேனும் இந்தக் கருவி வேலைக்குக் கிடைக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே அளவிலான ஆய்வகம் ஒன்றை அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளதால், இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை அங்கே பணியாற்றக்கூடும். உங்கள் கேள்விகளுக்காக உரைக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்; முதல் கேள்விகளை மாணவர்களே கேட்க வேண்டும் என்பது பேச்சாளரின் விருப்பம்.

அம்மா அவர்களை உரையாற்ற வருமாறு அன்புடன் அழைக்கிறேன்.