தொலைபேசிப் பதிவும் மின்னஞ்சல் கையொப்பமும்: புதிய வாசகங்கள்

சிவபாலன் அண்ணைக்கு,

வணக்கம். மார்ச் பிறக்க முன் அலுவலக வொய்ஸ் மெயிலையும் நம் மூன்று பேரின் மின்னஞ்சல் கையொப்பத்தையும் ஒழுங்காக எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். தமிழ்ப் பகுதி கீழே இருக்கிறது. ஆங்கிலப் பதிவை நிரோஷா இதே ஒழுங்கில் எழுதுகிறார்.

இப்போது அழைப்பவர்களுக்குக் கேட்பது இது. பதிவைப் போட்டுக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதினேன்:

"ஹலோ, வணக்கம், இது நெய்தல் ரக்ஸ் ஒபிஸ். நாங்கள் இப்ப கொஞ்சம் பிஸி. உங்கட பேர், போன் நம்பர், சின் நம்பர், என்ன விசயம் எண்டதைச் சொல்லி வையுங்கோ. உடனடியாத் திருப்பி எடுப்பம். அவசரம் எண்டா செல்லுக்கு அடியுங்கோ. கூடுதலான ரீஃபண்ட் எடுத்துத் தாறது எங்கட பொறுப்பு. நன்றி."

இதில் சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம், கேட்கும் இடத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அண்ணை. புதிய பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கனடா வரித் திணைக்களமான சிஆர்ஏ என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுக்காரர்கள் அழைப்பது நம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். போனில் சின் நம்பரைச் சொல்லாதீர்கள் என்று வயதானவர்களிடம் பிள்ளைகள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். அவர்கள் நம்பி வரும் அலுவலகமே முதல் வேலையாக அதைக் கேட்டு, ஒரு இயந்திரத்தில் பதிந்து வைக்கச் சொல்லக் கூடாது. அந்தப் பெட்டியை நாங்கள் மூன்று பேரும் திறக்கிறோம், பழைய பதிவுகள் அழிக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றையும் இந்தக் கிழமைக்குள் கேட்டு, குறிப்பெடுத்து, அழித்துவிடுகிறேன்.

"உடனடியா" என்ற சொல்லும் போக வேண்டும். ஏப்ரலில் நாம் உடனடியாகத் திருப்பி எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. நாளை எடுப்பார்கள் என்று தெரிந்தால் ஒருவர் பேசாமல் இருப்பார், தெரியாவிட்டால் அன்றைக்கே நாலு தரம் எடுப்பார். செல்லுக்கு அடிக்கச் சொல்கிறோம், ஆனால் செல் இலக்கம் பதிவில் இல்லை. இருக்கவும் வேண்டாம், இரவு பத்து மணிக்கு உங்களை எழுப்புவார்கள்.

இனிப் புதிய பதிவுகள். முதலாவது, வருடம் முழுக்க அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்துக்கு:

"வணக்கம். நெய்தல் கணக்கு வரிச் சேவைக்கு அழைத்ததற்கு நன்றி. ஆங்கிலத்தில் கேட்க எண் இரண்டை அழுத்துங்கள். அலுவலகம் இப்போது மூடப்பட்டுள்ளது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் சனிக்கிழமையும் திறந்திருக்கும். உங்கள் பெயர், ஏரியா கோட் சேர்த்த தொலைபேசி இலக்கம், அழைத்த காரணம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பெற்றோருக்காக அழைப்பவர்கள் பெற்றோரின் பெயரையும் சொல்லுங்கள். சமூகக் காப்புறுதி இலக்கத்தையோ வங்கி விவரத்தையோ இங்கே சொல்ல வேண்டாம். அடுத்த வேலை நாள் முடிவதற்குள் உங்களைத் திரும்ப அழைப்போம். பீப் ஒலிக்குப் பிறகு பேசுங்கள்."

ஆங்கிலத் தெரிவை முன்னுக்கு வைத்ததற்குக் காரணம், பெற்றோருக்காக அழைக்கும் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வசதி. அவர்கள் தமிழ் முழுவதையும் கேட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏரியா கோட் என்று தனியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 416, 647, 437, 905 எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஏழு இலக்கம் மட்டும் சொல்லி வைத்தவரை யாரென்று தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இரண்டாவது, மார்ச் 1 முதல் ஏப்ரல் 30 வரை. அலுவலகம் திறந்திருந்தும் மூன்று இணைப்பிலும் ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது இது ஓடும்:

"வணக்கம், நெய்தல் கணக்கு வரிச் சேவை. ஆங்கிலத்துக்கு எண் இரண்டை அழுத்துங்கள். இந்த நேரம் எல்லா இணைப்புகளிலும் வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறோம். சந்திப்பு நேரம் எடுக்க விரும்பினால் பெயர், ஏரியா கோட் சேர்த்த தொலைபேசி இலக்கம், உங்களுக்கு வசதியான நாள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். சமூகக் காப்புறுதி இலக்கமோ வங்கி விவரமோ வேண்டாம். தனிநபர் வருமான வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. சுயதொழில் செய்பவர்களின் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய வரி இருந்தால் அதற்கும் கடைசி நாள் ஏப்ரல் 30 தான். நாளை மாலைக்குள் உங்களைத் திரும்ப அழைப்போம். சனிக்கிழமை அழைப்பவர்களைத் திங்கட்கிழமை அழைப்போம்."

ஜூன் 15 பற்றிய வரி நீளம்தான், எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. டாக்ஸி ஓடுபவர்கள், ட்ரக் ஓடுபவர்கள், வீட்டில் சமையல் செய்து கொடுப்பவர்கள் பலர் ஜூன் 15 என்றால் காசுக்கும் அதுதான் கடைசி நாள் என்று நினைத்திருக்கிறார்கள். மே 1 முதல் வட்டி ஏறுவது அவர்களுக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. இந்த ஒரு வரி சிலருக்காவது அந்தக் காசை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, பெரிய வெள்ளிக்கு. இந்த வருடம் அது ஏப்ரல் 3:

"வணக்கம், நெய்தல் கணக்கு வரிச் சேவை. பெரிய வெள்ளியை முன்னிட்டு ஏப்ரல் 3 அன்று அலுவலகம் மூடியிருக்கும். ஏப்ரல் 4, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மீண்டும் திறப்போம். பெயரையும் ஏரியா கோட் சேர்த்த இலக்கத்தையும் சொல்லி வைத்தால் திங்கட்கிழமை மாலைக்குள் அழைப்போம்."

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு முதலில் வருபவர் இதை மாற்றி, பழைய பதிவைப் போட வேண்டும். விடுமுறை முடிந்த பிறகும் விடுமுறைப் பதிவு ஓடினால் கடை பூட்டிவிட்டார்கள் என்று நினைத்து வேறு இடம் போய்விடுவார்கள்.

உங்கள் தனி இணைப்புக்கு இது போதும்: "வணக்கம், நான் சிவபாலன். இப்போது அழைப்பை எடுக்க முடியவில்லை. பெயரும் இலக்கமும் சொல்லுங்கள், அடுத்த வேலை நாளுக்குள் அழைக்கிறேன். அதற்கு முன் யாருடனாவது பேச வேண்டுமென்றால் பூச்சியத்தை அழுத்துங்கள்."

அப்புறம் கையொப்பம். இப்போது உங்கள் மின்னஞ்சல்களின் அடியில் இருப்பது: "நன்றி வணக்கம்!!! சிவா. கணக்காளர், ரக்ஸ் நிபுணர், நிதி ஆலோசகர். கூடுதல் ரீஃபண்ட், குறைந்த கட்டணம்! வாழ்க வளமுடன்."

நிதி ஆலோசகர் என்பதை வைத்திருக்க முடியாது. 2022 மார்ச் 28 முதல் ஒன்ராறியோவில் அந்தப் பட்டத்தை, அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் உள்ளவர்கள்தான் போடலாம். உங்களிடம் அது இல்லை, நாம் முதலீட்டு ஆலோசனை கொடுப்பதும் இல்லை. கணக்காளர் என்று போட்டால் பலர் பட்டயக் கணக்காளரான சிபிஏ என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதையும் விடுவோம். ரீஃபண்ட் வாக்குறுதி இரண்டு இடத்திலும் வேண்டாம். சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், என்ன கழிவு உண்டு என்பதைப் பொறுத்து வருவது அது. சரியாகச் செய்து கொடுப்பதுதான் நம் வேலை, இத்தனை வருடமும் ஆட்கள் உங்களைத் தேடி வருவதும் அதற்காகத்தான்.

உங்களுக்கு:

சிவபாலன்
உரிமையாளர், வருமான வரிப் படிவத் தயாரிப்பு
நெய்தல் கணக்கு வரிச் சேவை
தொலைபேசி: 416-555-0147, இணைப்பு 1
அஞ்சல்: தபால் பெட்டி 118, ஸ்காபரோ, ஒன்ராறியோ
திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை (மார்ச், ஏப்ரலில் சனிக்கிழமையும்)

நிரோஷாவுக்கு:

நிரோஷா
வாடிக்கையாளர் சேவை, சந்திப்பு நேரம்
நெய்தல் கணக்கு வரிச் சேவை
தொலைபேசி: 416-555-0147, இணைப்பு 2
அஞ்சல்: தபால் பெட்டி 118, ஸ்காபரோ, ஒன்ராறியோ

என்னுடையதும் இதே மாதிரிதான். பெயர் கௌரி, பொறுப்பு "கணக்குப் பதிவு", இணைப்பு 3.

மூன்றுக்கும் அடியில் சிறிய எழுத்தில் வர வேண்டியது:

"சமூகக் காப்புறுதி இலக்கம், டி4, வங்கி விவரம் ஆகியவற்றைத் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். ஆவணங்களைப் பாதுகாப்பாகப் பதிவேற்றும் இணைப்பைக் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம். இந்த மின்னஞ்சல் தவறுதலாக உங்களுக்கு வந்திருந்தால் எங்களுக்கு அறிவித்துவிட்டு அழித்துவிடுங்கள்."

ஒரே ஆளுக்கு இரண்டாவது, மூன்றாவது பதில் போகும்போது முழுக் கையொப்பம் தேவையில்லை. "சிவபாலன், நெய்தல் கணக்கு வரிச் சேவை, 416-555-0147" என்ற ஒற்றை வரி போதும். மின்னஞ்சல் முகவரியை எங்கும் போடவில்லை, அது கடிதத்தின் தலையிலேயே இருக்கிறது. "வாழ்க வளமுடன்" உங்களுக்குப் பிடித்தது என்று தெரியும். தெரிந்தவர்களுக்கு நீங்களே கையால் எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். வரிப் பாக்கி வந்திருக்கிறது என்று சொல்லும் மின்னஞ்சலின் அடியில் அது தானாக வந்து நிற்பதுதான் பொருந்தவில்லை.

தபால் பெட்டியைப் போட்டதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. பெப்ரவரி கடைசியில் பழைய வாடிக்கையாளர்களுக்கு நாம் அனுப்பும் நினைவூட்டல், 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டத்துக்குள் வரக்கூடியது. அதில் நம் பெயரும் அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும், தபால் பெட்டியும் ஏற்கப்படும். அதோடு ஒரு ஆளோ வொய்ஸ் மெயிலோ பதில் சொல்லும் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி, இவற்றில் ஒன்று வேண்டும். பெட்டி நிரம்பி "இடமில்லை" என்று சொல்லும் வொய்ஸ் மெயிலை வைத்துக்கொண்டு அந்த இலக்கத்தைப் போடுவது சரியில்லை. எனவே தினமும் மாலை பெட்டியைக் காலி செய்யும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நினைவூட்டலில் மட்டும் இந்த வரியும் சேர வேண்டும்: "இனி இப்படியான மின்னஞ்சல் வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று பதில் அனுப்புங்கள், 10 வேலை நாட்களுக்குள் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்."

பதிவை நீங்களே பேசினால் நல்லது, ஆட்கள் உங்கள் குரலை அறிவார்கள். பின்னணியில் நாதஸ்வரம் வேண்டாம், காது குறைந்தவர்களுக்கு நேரமும் திகதியும் விளங்காது. புதன்கிழமை ஐந்தரைக்குப் பின்னறையில் பதியலாம். அதற்கு முன் வேலை நேரத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கே பூட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், வரிக்கால வாசகத்தில் சேர்த்துவிடுகிறேன்.

கௌரி