உள் தரத் தணிக்கை அறிக்கை: கிரைண்டிங் பிரிவு, 20 மி.மீ. தண்டு வரிசை

தணிக்கை நாள்: ஜூன் 18. அளவுகோல்: ISO 9001:2015, நம் தரக் கையேடு, தண்டின் டிராயிங். மொத்தம் மூன்று குறைகள், ஒரு கவனக்குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆதார எண் போட்டிருக்கிறேன், படங்களும் பதிவேட்டு நகல்களும் அதே எண்ணில் கோப்பில் இருக்கின்றன. முதல் குறையை மட்டுமாவது இன்றே படித்துவிடுங்கள், அதற்குள் டிஸ்பாட்ச் எதுவும் போக வேண்டாம்.

குறை 1: பெரிய குறை (பிரிவு 7.1.5.2)

இறுதி ஆய்வு மேசையில் இருக்கும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் மை-07-இன் காலிபரேஷன் ஏப்ரல் 30-ஓடு முடிந்துவிட்டது (ஆ-1, ஸ்டிக்கரின் படம்). அதற்குப் பிறகு 49 நாளும் அதை வைத்துத்தான் தண்டுகளை ஏற்றிருக்கிறோம். தேதி தாண்டியது மட்டும் என்றால் சிறிய குறை என்று எழுதியிருப்பேன். ஆனால் அளவு அறையின் 20.000 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்து மூன்று முறை பார்த்ததில் 19.996, 19.996, 19.995 என்று காட்டியது (ஆ-2, ஸ்லிப் கேஜின் சான்றிதழ் நவம்பர் வரை செல்லும்). கருவி சுமார் 0.004 மி.மீ. குறைத்துக் காட்டுகிறது.

தண்டின் டாலரன்ஸ் h6, அதாவது 19.987 முதல் 20.000 வரை, மொத்தமே 0.013 மி.மீ. அதில் 0.004 போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பதிவேட்டில் 19.996-க்கு மேல் எழுதியிருக்கும் எந்தத் தண்டும் உண்மையில் 20.000-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. பேட்ச் 31, 32 இரண்டிலும் சேர்த்து 40 அளவுகளைப் பார்த்தேன், அதில் 9 அப்படி இருக்கின்றன (ஆ-3). 19.998 என்று எழுதி ஏற்ற ஒரு தண்டு ரேக்கிலேயே இருந்தது, அதை அளவு அறை மைக்ரோமீட்டரில் அளந்தால் 20.002 (ஆ-4). பேட்ச் 31 ஏற்கனவே வாடிக்கையாளருக்குப் போய்விட்டது.

இதே காரணத்தால் நல்ல தண்டுகளையும் தள்ளியிருக்கிறோம். 19.985 என்று ரிஜெக்ட் டேக் போட்ட இரண்டை மறுபடி அளந்தபோது இரண்டுமே 19.989, டாலரன்ஸுக்குள்தான் இருக்கின்றன (ஆ-5).

எப்போதிலிருந்து தவறாகக் காட்டுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஏப்ரல் 30-க்குப் பிறகு என்று எடுத்துக்கொள்ள முடியாது, போன காலிபரேஷனுக்குப் பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் நகர்ந்திருக்கலாம். தினசரி ஜீரோ சரிபார்ப்புப் பதிவேடு இதற்கு உதவியிருக்க வேண்டும், ஆனால் அதில் எண்ணே இல்லை, எல்லா நாளும் டிக் மட்டும் (ஆ-6). நேற்றும் டிக் இருக்கிறது. இன்று காலை நான் மூடிப் பார்த்தபோது திரையில் −0.004.

ஆய்வு முடிந்த கூட்டத்தில் இதைச் சிறிய குறையாக மாற்றலாமே, ஒரு கருவிதானே என்று பிரிவுத் தலைவர் கேட்டார். மாற்றவில்லை. தவறான பொருள் வெளியே போயிருக்கலாம் என்பதற்கு ஆ-3, ஆ-4 இரண்டும் கையில் இருக்கும்போது தரத்தை இறக்க எனக்கு ஆதாரம் இல்லை. பேட்ச் 31-ஐ மறுபடி அளந்து எல்லாம் சரியென்று வந்தால் அதையும் இதனுடன் சேர்ப்பேன், ஆனால் கட்டுப்பாடு தவறியது தவறியதுதான்.

செய்ய வேண்டியது: மை-07-ஐ இன்றே விலக்க வேண்டும். பேட்ச் 32 முழுவதையும் நிறுத்தி 100% மறு அளவு எடுக்க வேண்டும். பேட்ச் 31 பற்றி வாடிக்கையாளருக்கு இரண்டு நாளுக்குள் தகவல் போக வேண்டும். போன காலிபரேஷன் வரையுள்ள பதிவேடுகளை ஒரு வாரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். மூல காரணம் இரண்டு வாரத்துக்குள் வேண்டும். "ஆபரேட்டர் கவனிக்கவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஏற்க மாட்டேன், தேதி முடிந்த கருவி மேசையில் இருக்க முடிந்தது எப்படி என்று சொல்லுங்கள்.

குறை 2: சிறிய குறை (7.5.3)

4-ஆம் எண் இயந்திரத்தில் ஒட்டியிருப்பது ரிவிஷன் C டிராயிங், மாஸ்டர் பட்டியலில் D (ஆ-7). வித்தியாசம் சேம்பர் 1 மி.மீ. என்பது 1.5 ஆனது மட்டும். புரோகிராம் D-க்கு மாறியிருக்கிறது, அளந்த 5 தண்டிலும் சேம்பர் 1.5-தான் (ஆ-8), அதனால்தான் சிறியது.

குறை 3: சிறிய குறை (8.7)

சிவப்புப் பெட்டியில் 6 தண்டு, 2-க்கு டேக் இல்லை (ஆ-9). பெட்டிக்கு மூடியும் பூட்டும் இல்லை, பக்கத்திலேயே நல்ல தண்டு ரேக்.

கவனக்குறிப்பு

ஜீரோ பதிவேட்டில் டிக்குக்குப் பதில் எண் எழுதும் கட்டம் வையுங்கள். ஆ-6-ஐப் பார்த்த பிறகு இதைக் குறையாகவே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் நம் செயல்முறையே "டிக் போடவும்" என்றுதான் சொல்கிறது, ஆகவே ஆபரேட்டர்கள் எதையும் மீறவில்லை. செயல்முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஹீட் ட்ரீட்மென்ட் சான்றிதழ்களைப் பேட்ச் எண்ணோடு ஒப்பிட்டேன், பார்த்த அத்தனையும் பொருந்தின (ஆ-10).

பெரிய குறைக்கான நேரடி மறு ஆய்வுக்கு ஜூலை 9 வருகிறேன். சிறிய குறைகளுக்கு ஆதாரம் அனுப்பினால் போதும்.