கம்பம் ஏறுற நத்தை எந்த நாள்ல தப்பிக்கும்?

17 அடி கம்பம், அடியில ஒரு நத்தை. பகல் முழுக்க 5 அடி ஏறும், ராத்திரி தூங்குறப்போ 3 அடி சறுக்கிரும். உச்சியைத் தொட்டுட்டா அப்படியே பக்கத்துச் சுவருக்கு மாறி தப்பிச்சிரும். எத்தனாவது நாள்?

நிறைய பேர் படக்குனு சொல்றது 9. ஒரு நாளைக்கு 5 - 3 = 2 அடிதானே மிச்சம், 17ஐ 2ஆல வகுத்தா எட்டரை, அப்போ ஒன்பதாவது நாள்னு முடிச்சிருவாங்க. கேட்க சரியாத்தான் இருக்கு, ஆனா உச்சியைத் தொட்ட நத்தை அன்னைக்கு ராத்திரி எதுக்கு சறுக்கப்போகுது? அதுதான் சுவருக்குப் போயிருச்சே!

அதனால கடைசிப் பகலோட 5 அடிய முதல்லயே தனியா எடுத்து வச்சிருங்க. மிச்சம் 12 அடி, அதை மட்டும் ரெண்டு ரெண்டா ஏறணும், 6 நாள். சரிபார்க்கணும்னா, ஆறாவது நாள் சாயங்காலம் 15ல நிக்கும், ராத்திரி 12க்கு இறங்கிரும், ஏழாவது நாள் 12 + 5 = 17. விடை 7.

இப்போ கம்பத்தை ஒரே ஒரு அடி கூட்டி 18 ஆக்குங்க, எனக்கு இந்தக் கணக்குல புடிச்ச இடமே இதுதான். ஏழாவது நாள் சாயங்காலம் 17ல இருக்கும், உச்சிக்கு ஒரு அடிதான் பாக்கி, ஆனா பொழுது சாஞ்சிருச்சு, சறுக்கி 14க்கு வந்துரும், எட்டாவது நாள் 4 அடி ஏறுனதுமே வெளிய. அதாவது (18 - 5) / 2 = 6.5ஐ மேல ஏத்தி 7 ஆக்கி, கடைசி நாள் 1 சேர்க்கணும், கீழ இறக்குனா தப்பு.

இதுல பெரிய தலைகளே சறுக்கியிருக்காங்க. 1202ல வந்த லிபர் அபாசிங்கற கணக்குப் புத்தகத்துல இத்தாலியக் கணித மேதை ஃபிபொனாச்சி இதே மாதிரி குழிக்குள்ள விழுந்த சிங்கம் ஒண்ண வச்சிருக்காரு, 50 சாண் ஆழம், பகல்ல 1/7 சாண் ஏறும் ராத்திரி 1/9 சாண் இறங்கும், அவர் சொன்ன விடை 1575 நாள். நம்ம முறையில போட்டா 1572ஆவது நாளே சிங்கம் வெளிய வந்துரும்.

கோடா எழுதுறவங்க லூப் போட்டு ஒவ்வொரு நாளா ஓட்டாதீங்க, உயரம் 100 கோடின்னு குடுத்தா நத்தையை விட உங்க ப்ரோக்ராம் மெதுவாப் போகும். h உயரம், u ஏற்றம், d சறுக்கல், மூணும் முழு எண்:

```python
def day(h, u, d):
    if u >= h: return 1
    if u <= d: return -1
    return (h - d - 1) // (u - d) + 1
```

முதல் வரி முக்கியம், 2 அடி கம்பத்துக்கு அது இல்லாம ஓட்டுனா 0ஆவது நாள்னு வரும். -1னா ஏறுறதை விட சறுக்கல் கம்மியா இல்ல, நத்தை தப்பிக்கவே தப்பிக்காது.