ஈசூன் பேட்டை மருந்தகத் திறப்பு நாள் வரவேற்புரை

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற நேரம். அதை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் பக்கத்துக் காப்பிக்கடையிலிருந்து வந்தவை. கேட்டதும் மறுக்காமல் தந்தார் கடைக்காரர். வசிப்போர் குழுவினர் நேற்று இரவு வரை நின்று பந்தல் கட்டித் தந்தார்கள். இந்தப் புளோக்கின் இரண்டாம், மூன்றாம் மாடிக் குடும்பங்களுக்கு நான் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். புதுப்பிப்பு வேலை நடந்த நாளெல்லாம் சுவரில் துளைபோடும் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டீர்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் அதில் இருந்தன.

என்னுடன் பணிபுரியும் மருத்துவர் சீனத்திலும், எங்கள் மூத்த தாதி மலாயிலும் பேசிவிட்டார்கள். தமிழில் பேச வேண்டியது என் பங்கு.

இந்த வட்டாரம் எனக்குப் புதிதில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளம் செம்பவாங்கில் இருந்தபோது தமிழர்களும் மலையாளிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 1968இல் அந்தக் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. வீவக வீடுகள் எழும்ப எழும்ப அந்தக் குடும்பங்கள் பல ஈசூனுக்கு வந்துசேர்ந்தன. தளத்தில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட பாலசுப்பிரமணியரும் இன்று ஈசூனில்தான் கோயில் கொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கும் கைகள் சில இந்தக் கூட்டத்திலேயே இருக்கும்.

என் அப்பா அந்தப் பட்டறையில் வெல்டர். ரத்தக்கொதிப்பு, இனிப்புநீர் இரண்டுக்கும் பல ஆண்டுகள் மருந்து வாங்கினார். வாங்கினார் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. பக்கவாதம் வந்து அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அவருடைய துணிமணிகளை எடுக்க அலமாரியைத் திறந்த அம்மா, பிரிக்காத மாத்திரை அட்டைகளை ஒரு பை நிறையக் கண்டெடுத்தார். கேட்டதற்கு, தடுமாறும் நாக்கோடு அப்பா சொன்ன பதில்: "நல்லாத்தானே இருந்தேன்."

அவரைக் குறைசொல்ல இதை உங்களிடம் கூறவில்லை. ரத்தக்கொதிப்பு வலிக்காது. இனிப்புநீரும் தொடக்கத்தில் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்குத் தினமும் மாத்திரை போடுவது யாருக்கும் கடினம்தான். போடவில்லை என்று டாக்டரிடம் சொல்வது அதைவிடக் கடினம். திட்டுவாரோ என்ற பயம், வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம். ஆகவே "சாப்பிடுறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

பிறகு நடப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று நினைக்கிற மருத்துவர், மருந்தின் அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். அவர் கையில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். ஒருநாள் மகளோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து எல்லா மாத்திரையையும் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அழுத்தமோ சர்க்கரையோ தடாலென்று இறங்கும், பெரியவர் குளியலறையில் மயங்கி விழுவார். பலதுறை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் இப்படி விழுந்து கை கால் முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்த மருந்தகத்தில் உங்களிடம் நாங்கள் முதலில் கேட்கப்போவது, "போன வாரம் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்பதைத்தான். உண்மையைச் சொல்லுங்கள். இங்கே யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். எங்கள் ஊழியர்கள் எல்லாரும் அதற்கு உறுதி சொல்லியே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் காரணத்தோடுதான் நிறுத்துகிறார்கள். மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது என்பார்கள். உண்மை, பலருக்கு அப்படி ஆகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். ரத்தக்கொதிப்பு மருந்துகளில் எனலாப்ரில் போன்ற ஒரு வகை சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமலுக்கு மேல் இருமல் மருந்து குடித்துக்கொண்டே இருப்பார்கள், காரணம் அந்த மாத்திரை என்பது தெரியாமலேயே. மாற்றிக் கொடுக்க வேறு வகை இருக்கிறது. ஆம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். நீர் பிரியும் மாத்திரையைத் தேக்கா போகிற நாளில் விட்டுவிடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்ற கவலை நியாயமானது. வீடு திரும்பிய பிறகு போடலாமா, எத்தனை மணி வரை போடலாம் என்று கேளுங்கள், உங்கள் உடல்நிலையைப் பார்த்துச் சொல்கிறோம். சஷ்டி விரதம், புரட்டாசி, ரமலான் நோன்பு என்று உணவு நேரம் மாறும் நாள்களுக்கும் இதே பேச்சுதான். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். விரதத்துக்கு முன்பே வந்தால் அளவை மாற்றித் தர முடியும்.

நாட்டு மருந்து சாப்பிடுவதையும் மறைக்க வேண்டாம். பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் குடிப்பவர்கள் குடிக்கலாம், எங்களிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சர்க்கரை மாத்திரையோடு அவையும் சேரும்போது சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மூட்டுவலிக்கு என்று அக்கரையிலோ இணையத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ, பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்று கேட்டதும் பயந்து சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு நாளைக்கே வாருங்கள்.

முதல்முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கூ தெக் புவாட்டில் கொடுத்தது, பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது, தைலம், சத்து மாத்திரை, ஊரிலிருந்து அக்கா அனுப்பிய லேகியம், எல்லாம். மேசைமேல் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அந்த முதல் சந்திப்புக்கு நேரத்தைக் கூடுதலாகவே ஒதுக்கியிருக்கிறோம்.

இந்த வேலைக்குத் தோதாக 2023ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தைத் தொடங்கியது. ஊர் முழுக்க டாக்டர் மாற்றி டாக்டர் பார்க்காமல் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்வதுதான் அதன் அடிப்படை. 40 வயதைத் தாண்டியவர்கள் பதியலாம். உங்கள் உடல்நலத் திட்டம் பற்றிப் பேசும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் பதிந்த மருந்தகத்தில் இலவசம். நாங்களும் அதில் சேர்ந்திருக்கிறோம். ஏற்கெனவே வேறு மருத்துவரிடம் பதிந்து அவரோடு உங்களுக்குப் பழகிப்போயிருந்தால், தயவுசெய்து அங்கேயே இருங்கள். உங்களைத் தெரிந்த மருத்துவரை விட்டு வரச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. காய்ச்சல், இருமல் என்றால் மட்டும் கீழே இறங்கி வாருங்கள்.

சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை சலுகைகள் இங்கே உண்டு. அடையாள அட்டை போதும், மற்றதை முகப்பில் பார்த்துக்கொள்வார்கள். நாள்பட்ட நோய்களுக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம், பிள்ளைகளுடைய மெடிசேவும் ஆகும். மருந்துக்குப் பணம் இடிக்கிறது என்று பாதி மாத்திரையாக உடைத்துப் போடாதீர்கள். சொன்னால் விலை குறைந்த மருந்து இருக்கிறதா என்று நிச்சயம் பார்ப்போம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பணிப்பெண்களுக்கும் இந்தச் சலுகைகள் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். தம்பிகள் சிலர் பின்வரிசையில் நிற்கிறீர்கள். உங்கள் நிறுவனம் உங்களை எந்த மருத்துவத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாவிட்டால் இங்கே வந்து கேளுங்கள், தமிழிலேயே விளக்குவோம். கேட்பதற்குக் காசில்லை.

பெண்களிடம் ஒரு சொல். மார்பகப் பரிசோதனை 50 வயதிலிருந்து, கருப்பை வாய்ப் பரிசோதனை 25 வயதிலிருந்து. எனக்கு ஒன்றும் இல்லை, எதற்கு என்று தள்ளிப்போடும் பரிசோதனைகள் இவை இரண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனையை இங்கே நானோ எங்கள் தாதியோ செய்வோம். அறைக்குத் திரை உண்டு, தாழ்ப்பாளும் உண்டு.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டரையிலிருந்து ஒரு மணி, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து, மாலை ஆறரையிலிருந்து ஒன்பது. சனிக்கிழமை காலை மட்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத்தான் மாலை நேரத்தை வைத்திருக்கிறோம்.

ஆனால் சில நேரங்களில் எங்களிடம் வரவே கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணுதல், கை தொங்கிப்போதல், பேச்சு குழறுதல். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 995. மருந்தகம் எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம், கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள், பக்கவாதத்துக்குக் கொடுக்கும் மருந்து அந்த நேரத்தைப் பொறுத்தது.

இப்போது, இந்தப் புளோக்கில் ஆக மூத்தவரான, ஏழாம் மாடியில் இருக்கும் எங்கள் பாட்டியையும் அவருக்குத் துணையாக அண்டைவீட்டு மலாய் அம்மாவையும் ரிப்பனை வெட்ட அழைக்கிறேன். உள்ளே தாதியர் இருவர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள், இன்று அனைவருக்கும் இலவசம். வடையும் தேநீரும் வெளியே மேசையில் உள்ளன. சர்க்கரை பார்ப்பவர்கள் முதலில் உள்ளே போய்விட்டு, பிறகு வடைக்கு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.