ரொறொன்ரோ மரதனுக்குப் புறப்படும் தம்பிக்கு

தம்பி,

டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று நேற்றுச் சொன்னீர். பயிற்சியைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டுப் படலை தாண்டுவதிலிருந்து ஞாயிறு காலை ஓடத் தொடங்கும் வரைக்குமான ஒழுங்கை மட்டும் எழுதுகிறேன்.

ஒக்டோபரில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை; நீர் துரையப்பா விளையாட்டரங்கில் ஓடுகிற அதே நேரம். ஆகவே ஓடும்போது தூங்கி வழிவீர் என்ற பயம் வேண்டாம். அங்கே மாலை நாலு மணி உம் உடம்புக்கு இரவு ஒன்றரை. சிக்கல் அந்த மாலைகளில்தான்.

புறப்படுவதற்கு முந்திய நாலு இரவுகளும், ஒவ்வொரு இரவும் முக்கால் மணி நேரம் பிந்திப் படும். அதே அளவு பிந்தி எழும்பும். விடியற்காலை ஓட்டத்தை அந்த நாட்களில் நிறுத்திவிட்டு மாலைக்கு மாற்றும். மேற்கே போகிறவனுக்கு உடம்பைப் பிந்தச் செய்வதுதான் வேலை. கிழக்கே போவதைவிட இது இலேசு.

கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்ஸில் போக வேண்டாம். ஞாயிறு பகலே இறங்கி நீர்கொழும்பில் படுத்து எழும்பும். திங்கள் இரவு பத்து மணி விமானத்தில் துபாய் வரைக்கும் விழித்திரும். துபாயில் கைக்கடிகாரத்தை ரொறொன்ரோ நேரத்துக்கு மாற்றும். அதிகாலை மூன்றரைக்கு அடுத்த விமானம் கிளம்பும்போது அங்கே திங்கள் மாலை ஏழரை. முதற் சாப்பாடு வந்ததும் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடி, காதை அடைத்துத் தூங்கும். பதினாலு மணி நேரப் பறப்பு. இடையில் எழும்பி நடந்து, தண்ணீர் குடித்துக்கொள்ளும். ஓடும் சப்பாத்து, ஓடும் உடுப்பு, கடவுச்சீட்டு, ஓடும்போது சாப்பிடும் ஜெல் மூன்று: இவை கைப்பையில். பெட்டி தொலைந்தாலும் மரதன் தொலையக்கூடாது. ஜெல் ஒவ்வொன்றும் நூறு மில்லிலீற்றருக்குள் இருக்கட்டும்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்குப் பியர்சன் விமானநிலையம். சித்தி கட்டித் தரச் சொன்ன சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதும். இறைச்சி வேண்டவே வேண்டாம்.

அன்றைய நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஸ்காபுறோ வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி சோறு போட்டு, "களைச்சுப் போனாய், கொஞ்சம் படு" என்பார். படுத்தீரானால் மாலை ஆறு மணிக்கு எழும்பி, விடிய விடியச் சுவரைப் பார்த்திருப்பீர். குளித்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு வெளியே நடவும். பின்னேர வெயில் உடம்புக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; ஒக்டோபர் நடுவில் ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும், அதற்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தாங்க முடியாவிட்டால் அலாரம் வைத்து இருபது நிமிடம், நாற்காலியில். இரவு எட்டரைக்கு விளக்கை அணைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் குழம்ப வேண்டாம், இங்கே அது பகல் பதினொன்றரை. போனைத் தொடாமல் இருட்டிலேயே கிடவும். பசித்தால் ஒரு வாழைப்பழம். புதன், வியாழன் முப்பது நிமிட மெல்லோட்டம், அதுவும் பின்னேரத்தில். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு கோப்பி இல்லை.

வெள்ளி இரவுத் தூக்கத்தைக் காத்துக்கொள்ளும். சனி இரவு யாருக்கும் ஒழுங்காக வராது, வராவிட்டாலும் கால் ஓடும். சட்டையில் குத்தும் ஓட்ட இலக்கத்தை வெள்ளியே வாங்கிவிடும், கடவுச்சீட்டைக் கொண்டுபோக மறக்காதேயும்.

சாப்பாட்டில் சித்தியோடு சண்டை வரும், வரட்டும். வியாழன் முதல் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, பாண், இடியப்பம் நிறைய, கறி குறைய. வெள்ளி, சனி பருப்பு, கீரை, கூழ், உறைப்பு, நண்டு எல்லாவற்றையும் தள்ளி வையும். கூழ் குடித்துவிட்டு நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடுகிறவனுக்குக் கழிப்பறைகள்தான் மைல்கல். நண்டுக் குழம்பை ஞாயிறு பின்னேரம் வைக்கச் சொல்லும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு பாண், ஜாம், வாழைப்பழம், இங்கே நீண்ட ஓட்டங்களுக்குச் சாப்பிட்ட அதே சாப்பாடு. புதிதாக ஒன்றும் வேண்டாம்.

காலைக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகலாம். பழைய சுவெற்றர் ஒன்றும் கையுறையும் எடும். சூடேறியதும் சுவெற்றரைக் கழற்றிப் போட்டுவிடலாம். ஞாயிறுகளில் சுரங்க ரயில் வழமையாக எட்டு மணியளவில்தான் ஓடத் தொடங்கும். சித்தப்பாவிடம் இப்போதே சொல்லி, தெருக்கள் மூடப்படுமுன் நகர மையத்துக்கு வடக்கே இறக்கிவிடக் கேளும். அவர் பிந்தி எழும்புகிறவர், அலாரத்தை நீரே வையும்.

அண்ணா
கொக்குவில்