மனத்திறன் பயிற்சித்தாள்: உருவ ஒப்புமை
(தங்கச்சிமடம் மாலை வகுப்பு, 8ஆம் வகுப்பு, தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்காக)

தம்பி தங்கச்சிகளா, மனத்திறன் தாளில் 90 கேள்விக்கு 90 நிமிடம். ஒன்றுக்கு ஒரு நிமிடந்தான். முதல் படம் இரண்டாவதாக எப்படி மாறியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே மாற்றத்தை மூன்றாவது படத்துக்குச் செய்யுங்கள். விடைகளை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

1. வட்டத்துக்குள் கருப்புச் சதுரம் : சதுரத்துக்குள் கருப்பு வட்டம் :: அறுகோணத்துக்குள் கருப்பு முக்கோணம் : ?
(அ) முக்கோணத்துக்குள் வெள்ளை அறுகோணம்
(ஆ) முக்கோணத்துக்குள் கருப்பு அறுகோணம்
(இ) அறுகோணத்துக்குள் வெள்ளை முக்கோணம்
(ஈ) முக்கோணத்துக்குள் கருப்பு வட்டம்

2. ◐ : ◓ :: ◨ : ?
(அ) ◧ (ஆ) ⬒ (இ) ⬓ (ஈ) ■

போன வாரம் இதில்தான் பாதிப்பேர் வழுக்கினீர்கள். அவசரப்படாதீர்கள்.

3. அடுத்ததற்கு முன் நம்ம பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் முன்பெல்லாம் கப்பல் வந்தால் இரண்டு இறக்கையும் சாய்ந்து எழும்பும். அது சுழற்சி. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு சாயாமல் அப்படியே நேராக மேலே போகும். அது இடமாற்றம். படத்தில் எது நடந்தது என்று அம்புக்குறியின் முனை காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டத்தின் கீழ் இடது மூலையில் → : மேல் இடது மூலையில் → :: கீழ் வலது மூலையில் ← : ?
(அ) மேல் வலது மூலையில் ←
(ஆ) கீழ் இடது மூலையில் ↑
(இ) மேல் வலது மூலையில் →
(ஈ) மேல் இடது மூலையில் ←

4. வள்ளத்துப் பாய்மரம். உச்சியில் வலப்பக்கம் கொடி : அடியில் வலப்பக்கம் கொடி :: உச்சியில் இடப்பக்கம் கொடி : ?
(அ) அடியில் வலப்பக்கம் (ஆ) அடியில் இடப்பக்கம் (இ) உச்சியில் வலப்பக்கம் (ஈ) உச்சியில் இடப்பக்கம்

5. △ : □ :: ⬠ : ?
(அ) ○ (ஆ) △ (இ) ⬡ (ஈ) □

விடைகள்

1. ஆ. உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே. உள்ளே போனது கருப்பாகும்.

2. இ. இரண்டாவது படத்தில் கருப்பு மேலே இருக்கிறது என்று (ஆ)வைப் போட்டவர்கள் முடிவை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். இடப்பக்கக் கருப்பு மேலே வந்தது, அதாவது கடிகார முள் போகும் திசையில் கால் சுற்று. வலப்பக்கக் கருப்பு அதே கால் சுற்றுச் சுற்றினால் கீழேதான் வரும். சந்தேகமிருந்தால் தாளையே திருப்பிப் பாருங்கள்.

3. அ. அம்பின் முனை திரும்பவில்லை, மூலை மட்டும் உயர்ந்தது. (ஆ) சுழற்றியவர்களுக்கு வரும் விடை.

4. ஆ. நீர் பிம்பம். அலையில்லாத காலையில் கரையோரத் தண்ணீரில் வள்ளம் தெரிகிற மாதிரி, மேல் கீழாகும், இடம் இடமாகவே இருக்கும். அரைச்சுற்றுச் சுற்றியிருந்தால் முதல் கொடி இடப்பக்கம் போயிருக்கும்.

5. இ. ஒரு பக்கம் கூடுகிறது.