வாய்மை வாழை

அரண்மனைக் குளத்தின் தென்கரையில் மட்டும்தான் அந்த வாழை வரும். கன்றைத் திருடிக்கொண்டு போய் வேறு நாட்டில் நட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே அது வெறும் வாழையாகக் குலை தள்ளி ஓய்ந்தது. எங்கள் மண்ணில் நின்றால்தான் அதன் இலைக்குப் பொய் ஆகாது. இலை முன்னால் உட்கார்ந்து யாராவது பொய் சொன்னால் ஓரம் மஞ்சள் பூத்துச் சுருண்டுவிடும்.

இதனாலேயே எங்கள் அரச விருந்தைப் போலச் சலிப்பான விருந்து எங்கும் கிடையாது. யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் "நேற்று மழை பெய்தது" என்பார்கள், "நெய் உருகியிருக்கிறது" என்பார்கள். ஒருமுறை ஒரு தூதர் மரியாதைக்காகப் பாகற்காய்ப் பொரியலை அமிர்தம் என்று சொல்லித் தொலைத்தார். இலை சுருண்டது. அந்தப் பொரியலைச் செய்தவர் என் அப்பா. இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கமே அவர் வரவில்லை.

மடைப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள் நான். அரசிக்கு மந்திராலோசனை சொல்லும் இடத்தில் என்னை உட்கார வைத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. வயது பத்தொன்பது. அவையில் இருந்த பெரியவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "சோற்றுக்காரன் மகள் என்ன சொல்கிறாள்?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று இரவு நான் அடைப்பைக்காரியாக நின்றேன். வெற்றிலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரசியின் இடப்பக்கம் ஓரடி பின்னால் நிற்க வேண்டும். விளக்குத் தண்டைப் பார்ப்பதுபோல விருந்தாளிகள் நம்மைப் பார்ப்பார்கள். அதாவது, பார்க்கவே மாட்டார்கள்.

விஷயம் இதுதான். இரட்டைக் கணவாயைக் காக்க ஒரு தலைவரை அன்றிரவே நியமித்தாக வேண்டும். நாடு கடத்தப்பட்ட அரசியின் சிற்றப்பர், ஆற்றுக்கு அப்பால் படை திரட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் இருந்து யாரோ அவருக்கு ஓலை அனுப்புகிறார்கள் என்பது உறுதி. யார் என்று தெரியாது. கணவாய்க்கு உரிமை கேட்கக்கூடியவர்கள் மூன்று பேர், மூவரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அரசி ஒருவருக்குத் தன் கையால் வெற்றிலை கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் பொறுப்பையும் வாங்கிக்கொண்டதாகப் பொருள். நான் தட்டில் அடுக்கும் வெற்றிலைகளின் நுனி யார் பக்கம் இருக்கிறதோ, அவருக்குக் கொடுக்கலாம் என்பது எங்களுக்குள் பேச்சு.

கழிமுகக் கோன் முதலில் உட்கார்ந்திருந்தார். உப்பு விற்று வளர்ந்த உடம்பு. அவருக்கு அடுத்து வேங்கைமலைக் கிழார், எழுபதைத் தாண்டியவர், இடது கை லேசாக நடுங்கும். கடைசியாகக் குறும்பொறை நம்பி. முப்பது வயது இருக்கும். நல்ல முகம், நல்ல குரல். பரிமாறும் பெண்கள் அவர் இலைக்கு மட்டும் இரண்டு தடவை நெய் கொண்டுபோனார்கள்.

ரசம் வரும்வரை வழக்கம்போல மழை, நெய், மாட்டு விலை. பிறகு அரசி தன் இலையை மெல்லத் தடவிக்கொண்டு, "பெரியவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

கோன் அவசரப்படவில்லை. "ரசம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வாங்கப்பா" என்றார். இலையிலேயே ஊற்றச் சொன்னார். ஆவி அடங்குவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்: "தாயே, என் கழியில் விளைகிற உப்பில் ஆறில் ஒரு பங்கு ஒரு மரக்கால் குறையாமல் உங்கள் பண்டகசாலைக்கு வருகிறது. உங்களுக்கு எதிராக என் தோணி ஒன்றுகூட நகராது."

இலை வாடியிருந்தது. "சூடு!" என்று சிரித்து எல்லாருக்கும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் சூட்டில் வாடும் இலை எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் இலையை அனலில் வாட்டிக் கொடுத்திருக்கிறேன், பொட்டலம் கட்ட. சூடு பட்ட இடம் கரும்பச்சையாகிப் பளபளக்கும், துணிபோலத் துவளும். அது நடுவில்தான், ரசம் தேங்கிய இடத்தில். கோனின் இலையில் நடுப்பகுதி அப்படித்தான் இருந்தது. வலது ஓரத்தில் மட்டும் விரலகலத்துக்கு மஞ்சள். அந்த மஞ்சள், "மரக்கால்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும்போதே வந்துவிட்டது. "தோணி" என்றபோது ஓரம் அசையவில்லை. ஆக, உப்புத் திருடுகிறார். நாட்டைத் திருடவில்லை. அவர் கணக்கைத் தனியாக எழுத வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் கணவாயை அவரிடம் கொடுக்க முடியாது. எதிரி வருவதற்குள் சுங்கச் சாவடி கட்டிவிடுவார்.

வேங்கைமலைக் கிழார் ரசம் கேட்கவில்லை. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பேசினார். "உன் பாட்டனாருக்கு வில் பிடித்தவன் நான், தாயே. உனக்காகச் சாவதற்கு நல்ல நாள் பார்க்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பத்து நாளில் முந்நூறு பேரோடு கணவாயில் நிற்பேன்."

இலை சுருண்டது. ஒளிக்க வழியில்லை. நரம்புவரை மஞ்சள் ஏறி, நுனி எழும்பி அவர் விரலைத் தொட்டது. கூடம் முழுவதும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. வாசல் காவலர் இருவர் வேல்களை மாற்றிப் பிடித்தார்கள். கிழவர் இலையைப் பார்த்தார், பிறகு யாரையும் பார்க்கவில்லை.

நம்பி எழுந்து நின்றார். அவர் எழுந்ததே அழகாக இருந்தது. "அரியணைக்கு உரியவரின் காலடியில் என் வாள் கிடக்கும். அதைக் காக்க என் எண்ணூறு வீரரும் நாளைக்கே புறப்படத் தயார். இது என் குலதெய்வத்தின்மேல் ஆணை."

இலை அப்படியே இருந்தது, வெட்டிக்கொண்டு வந்தபோது இருந்த பச்சை. யாரோ கை தட்டினார்கள். அரசியின் தோள் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைத்தவர்போல.

நானும் வெற்றிலையை எடுத்து நுனியை நம்பி பக்கம் திருப்பத்தான் போனேன். அப்போதுதான் அந்தச் சோறு கண்ணில் பட்டது.

நம்பியின் இலையில் வலது மேல் மூலையில் ஒரு பிடிச் சோறு. தொடாத சோறு. மேலே ஒரு துளி நெய். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் எடுத்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும், குழம்பு படவில்லை. குறும்பொறைக்காரர்கள் விருந்துக்கு வந்தால், அந்த மூலையில் கூட்டு வைத்துவிடாதீர்கள் என்று அப்பா பையன்களிடம் சொல்லிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். வீட்டுத் தலைவர் வெளியூர் போயிருந்தால், அவர் திரும்பி வரும்வரை முதல் பிடி அவருக்கு. அது அவர்கள் வழக்கம். செத்தவருக்கு இலையில் வைப்பதில்லை, காக்கைக்கு வைப்பார்கள்.

நம்பியின் அப்பா இறந்து ஆறு வருஷம். அண்ணன் தம்பி கிடையாது. குறும்பொறைக்கு அவர்தான் தலைவர். வெளியூர் போயிருக்கும் எந்தத் தலைவருக்கு அந்தப் பிடி?

அவர் சொன்னதை மனதில் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கோன் "உங்களுக்கு" என்றார். கிழவர் "உனக்காக" என்றார், உரிமையோடு ஒருமையில். நம்பி "அரியணைக்கு உரியவர்" என்றார். அவர் மனதில் உரியவர் ஆற்றுக்கு அப்பால் இருந்தால், இலைக்கு அதில் என்ன பொய்?

கிழவரின் இலையும் நினைவுக்கு வந்தது. "சாவதற்கு நல்ல நாள் பார்க்க மாட்டேன்" என்றபோது அது அசையவில்லை. சுருண்டது "முந்நூறு" என்ற சொல்லில். போன கார்காலத்தில் வேங்கைமலையில் காய்ச்சல் பரவியது என்று மிளகு வியாபாரிகள் அடுப்பங்கரையில் பேசிக்கொண்டார்கள். எத்தனை பேர் மிஞ்சினார்களோ. அதைச் சொல்ல வெட்கம் அந்த மனிதருக்கு.

மோர் வந்து போனது. வெற்றிலையை அடுக்கித் தட்டை அரசியின் பக்கத்தில் வைத்தேன். நுனிகள் வேங்கைமலைக் கிழாரைப் பார்த்தன.

அரசி தட்டைப் பார்த்தார். சுருண்டு கிடந்த இலையைப் பார்த்தார். தலையைத் திருப்பாமல், "கை தவறிவிட்டதா?" என்றார்.

"இல்லை, அரசி."

"என் இலைமேல் குனிந்து சொல்."

சுண்ணாம்புச் சிமிழை எடுப்பதுபோலக் குனிந்தேன். என் மூச்சு அவர் இலையில் படும் தூரம். நம்பி துரோகி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்தால்? இலை சுருண்டால் என் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை, கணவாயும் போகும். வெளி முற்றத்தில் நம்பியின் ஆட்கள் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் வெற்றிலைக்கு முன்னால் வாள் வந்துவிடும்.

"எனக்கு உறுதியாகத் தெரியாது" என்றேன். "பெரியவரிடம் முந்நூறு பேர் இல்லை. அதற்குத்தான் இலை வாடியது. உங்களுக்காகச் சாவேன் என்றபோது வாடவில்லை. ஆளை நாம் கொடுக்கலாம். நம்பி உங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. அவர் ஒதுக்கி வைத்திருக்கும் சோற்றைப் பாருங்கள். யாருக்கென்று ஊகிக்கிறேன், அவ்வளவுதான்."

அரசியின் இலை பச்சையாகவே இருந்தது. பயத்தில் என் நெற்றி வேர்வை ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. அவர் அதை விரலால் துடைத்தார்.

பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டு எழுந்து, நம்பியைக் கடந்து, கிழவர் முன்னால் போய் நின்றார். "உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள், தாத்தா?"

கிழவர் வெகுநேரம் பேசவில்லை. "நாற்பத்தொரு பேர். அதில் பதினாறு பையன்கள்."

இலை சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. ஒருமுறை வாடியது திரும்பப் பச்சையாகாது. ஆனால் மேலும் வாடவில்லை.

"மிச்சத்தை நான் தருகிறேன்" என்றார் அரசி. கிழவர் வெற்றிலை வாங்க நீட்டிய இரண்டு கையும் நடுங்கின.

நம்பி புன்னகையோடு கிழவரை வணங்கினார். குறை சொல்ல முடியாத வணக்கம். இலையை மூடாமலே எழுந்து கை கழுவப் போனார்.

பந்தி கலைந்த பிறகு எச்சில் இலை எடுக்கப் பையன்கள் வந்தார்கள். நம்பியின் இலையை மட்டும் தொட வேண்டாம் என்றேன். பாயில்லாத தரையில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். மூலையில் அந்தப் பிடி, நெய் உறைந்து வெள்ளையாகியிருந்தது. ஒரு எறும்பு வந்துவிட்டது. அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"யாருக்கு வெச்சதாம்மா அது?"

முற்றத்தில் குதிரைகளுக்குச் சேணம் கட்டும் சத்தம் கேட்டது. விடிந்தபிறகு புறப்படுவதாகச் சொல்லியிருந்தவர்கள் அவர்கள்.